வாவித் தண்ணி உப்பா, உப்பில்லையா? பௌத்த தருக்கத்தின்ட நாலு மூலையும் அதுக்குள்ள இருக்கிற கணக்கும்

நான் மட்டக்களப்பில ஏ.எல் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பிக்கிறன். போன கிழமை உண்மை அட்டவணை செஞ்சுகொண்டு இருக்கக்குள்ள பின் வாங்கில இருந்த ஒரு பையன் கைய உசத்தி, "மிஸ், புத்த சமயத்தில ஒரு கேள்விக்கு நாலு விடை இருக்காமே, இருக்கு, இல்ல, இருக்கும் இல்ல ரெண்டும், இருக்கும் இல்ல ரெண்டும் இல்ல எண்டு. மறுகா அந்த நாலும் இல்லையாம் எண்டும் சொல்றாங்க. நம்மட பாடத்தில இப்பிடி எழுதினா பூச்சியம்தானே போடுவீங்க?" எண்டு கேட்டான். கேள்வி சரியான கேள்வி, அதாலதான் இத ஆறுதலா எழுதுறன், ஏனெண்டா அண்டைக்கு மணி அடிச்சுப்போட்டுது.

இதுக்குப் பேர் சதுஷ்கோடி. சதுர் எண்டா நாலு, கோடி எண்டா மூலை இல்லாட்டி அந்தம், நம்ம தெருக்கோடி எண்டு சொல்றமே அதே கோடிதான். ஒரு கேள்வியப் பிடிச்சு அது போகக்கூடிய நாலு அந்தத்தையும் பாக்கிறது. நாலையும் மறுத்தா அது நாற்கோடி மறுப்பு.

முதல்ல பையன்ட சந்தேகத்த கரும்பலகையில போட்டுப் பாப்பம். p எண்டது ஒரு எடுப்பு, அதாவது உண்மை இல்லாட்டிப் பொய் எண்டு சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் எண்டு வைங்க. ¬ எண்டா "இல்ல", ∧ எண்டா "ரெண்டும் சேந்து". நாலையும் கண்ண மூடிக்கொண்டு குறியீட்டில எழுதினா இப்பிடி வரும்:

```
1.  p
2.  ¬p
3.  p ∧ ¬p
4.  ¬p ∧ ¬¬p
```

மூண்டாவது முரண், எந்த வரியிலயும் பொய்தான். நாலாவதில இரட்டை மறுப்பு வெட்டுப்பட்டு ¬¬p எண்டது p ஆகுது, அப்ப நாலாவது ¬p ∧ p, அது மூண்டாவதேதான், இடம் மாறி நிக்குது அவ்வளவுதான். ஆக நாலு விடை எண்டு சொன்னது ரெண்டாகிப்போச்சு. இன்னும் மோசம், நாலையும் மறுக்கிறன் எண்டு ஒருத்தர் சொன்னா முதலாவத மறுத்து ¬p எண்டும் ரெண்டாவத மறுத்து ¬¬p எண்டும் ஒரே மூச்சில சொல்றார், அது தனக்குத்தானே முரண். அட்டவணைப்படி பையன் சொன்னது சரி, பூச்சியம்தான்.

ஆனா இங்க ஒண்ட கவனிக்கோணும். நம்ம அந்த நாலு வாக்கியத்திலயும் இருக்கிற எல்லா "இல்ல"யையும் ஒரே ¬ குறியால எழுதிப்போட்டம். பேச்சில வாற "இல்ல" எல்லாம் ஒரே "இல்ல" இல்ல. பிழை அவங்கட தருக்கத்திலயா நம்ம மொழிபெயர்த்த விதத்திலயா எண்டு பாக்காம மார்க் போடக்கூடாது.

நம்மட வாவியையே எடுங்க. ஒருத்தர் கல்லடிப் பாலத்தில நிண்டு "இந்த வாவித் தண்ணி உப்பா உப்பில்லையா?" எண்டு கேக்கிறார். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கிடக்கக்குள்ள அங்க போய் வாயில வச்சுப் பாத்தா உப்பு. மாரி மழை கொட்டி வெள்ளம் வந்து இறங்கக்குள்ள உள்பக்கமாப் போய்ப் பாத்தா உப்பில்ல. அப்ப முழு வாவியையும் பத்திக் கேட்டா "உப்பும்தான் உப்பில்லாததும்தான்" எண்டு ஒரு தோணிக்காரர் சொன்னா அவர் முரணாக் கதைக்கிறார் எண்டு யாராவது சொல்லுவமா? அவர் சொன்னது இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் இல்ல எண்டு. இது p ∧ ¬p இல்ல, இது ரெண்டு வேற வேற இடத்தப் பத்தின ரெண்டு எடுப்பு.

இனி நாலாவது. "உப்புத் தண்ணி, நல்ல தண்ணி" எண்டு ரெண்டு சொல் நம்மட்ட இருக்கு. கடல் தண்ணியில லீற்றருக்கு 35 கிராம் அளவில உப்பு, அது உப்புத் தண்ணி. குடிக்கக்கூடியது நல்ல தண்ணி. ரெண்டுக்கும் நடுவில ஒண்டு இருக்கு, கிணத்தில வந்தா பெருமூச்சு விடுவமே, சவர்த் தண்ணி. அது உப்புத் தண்ணியும் இல்ல நல்ல தண்ணியும் இல்ல. இதிலயும் முரண் இல்ல, ஏனெண்டா உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒண்டுக்கொண்டு மறுதலை, முரண் இல்ல. ரெண்டும் ஒரே நேரத்தில உண்மையாக ஏலாது, ஆனா ரெண்டும் ஒரே நேரத்தில பொய்யாகலாம். இது உங்கட பாடத்திலயே இருக்கு, எதிர்ப்புச் சதுரத்தில மேல் கோடு. ஆக இப்பிடி வாசிச்சா முழுசா உப்பு, முழுசா நல்ல தண்ணி, பகுதி பகுதியா ரெண்டும், நடுவில சவர், இந்த நாலும் நாலு உண்மையான சாத்தியம். ஒண்டு மற்றதோட ஒட்டாது, ஒவ்வொண்டும் வேற வேற நிலைமையில உண்மையாகும்.

நான் வாவிய வச்சு வலிஞ்சு பொருத்திறன் எண்டு நினைக்க வேணாம், பழைய பௌத்த சுத்தத்துக்குள்ளயே, புத்தர்ட உபதேசம் எண்டு வாற நூலுக்குள்ளயே, இது கிடக்கு. அந்த உபதேசங்கள்ட ஒரு தொகுப்பான தீக நிகாயத்தின்ட முதலாவது சுத்தம் பிரமஜால சுத்தம், அதில அந்தக் காலத்தில இருந்த 62 கொள்கைகள அடுக்கி வச்சிருக்கு. உலகத்துக்கு எல்லை உண்டா எண்டதப் பத்தி நாலு கூட்டம் வருது. ஒருத்தர் தியானத்தில இருந்து பாத்துட்டு எல்லை உண்டு எண்டுறார், இன்னொருத்தர் எல்லை இல்ல எண்டுறார், மூண்டாவது ஆள் எல்லை உண்டும்தான் இல்லையும்தான் எண்டுறார். எப்பிடி எண்டு அங்கயே சொல்லுப்பட்டிருக்கு: மேலயும் கீழயும் எல்லை உண்டு, குறுக்கால எல்லை இல்லையாம். ரெண்டு தட்டையான பலகைக்கு நடுவில இருக்கிற வெளி பக்கவாட்டில முடியாமப் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி யோசிச்சுப் பாருங்க, சரியா விளங்கும், ஒரு முரணும் இல்ல. நாலாவது ஆள் மட்டும் தியானத்தால இல்ல, தருக்கத்தால வாறார். முன் சொன்ன மூண்டும் பொய், எல்லை உள்ளதும் இல்ல இல்லாததும் இல்ல எண்டுறார். மூண்டு பேர் கண்டு சொல்றாங்க, ஒருத்தர் யோசிச்சுச் சொல்றார் எண்ட இந்த வித்தியாசம் எனக்கு நல்லாப் பிடிக்கும்.

இந்த நாலையும் முரணா வாசிக்க வேணாம், நாலு வேற வேற நிலைப்பாடா வாசிக்கோணும் எண்டு நம்ம நாட்டு மெய்யியலாளர் கே.என். ஜயதிலக்க 1963 இல வந்த தன்ட புத்தகத்தில விவரமா எழுதினார். இந்த விசயத்தில நான் அவர்ட பக்கம். ஒருத்தர் மூண்டாவது விடையச் சொன்னா உடன "எந்த விதத்தில?" எண்டு கேட்டுப் பாருங்க. "இந்தப் பக்கம் இப்பிடி, அந்தப் பக்கம் அப்பிடி" எண்டு பிரிச்சுக் காட்ட ஏலும் எண்டா அது பகுதி வாசிப்பு. "இல்ல, அதே இடம், அதே நேரம், அதே விதம்" எண்டு அவர் நிண்டா அப்பதான் அது உண்மையான முரண். அந்தக் கேள்வியக் கேக்காம முரண் எண்டு அடிச்சு எழுதுறதுதான் எல்லாரும் விடுற பிழை.

சரி, நாலு விடை வாறது விளங்கிச்சு. நாலையும் மறுக்கிறது எப்பிடி? வாவிக்கு நாலையும் மறுக்க ஏலாது, ஏதோ ஒண்டு சரியா வந்துதான் ஆகோணும்.

இதுக்குத் தேத்தண்ணிக் கடைக்குப் போவம். "சீனி போடாத தேத்தண்ணி தாங்க" எண்டு கேட்டா கையில ஒரு கோப்பை வரும். இந்த மறுப்பு தேத்தண்ணிய வச்சுக்கொண்டு சீனிய மட்டும் கழிக்குது. "சீனி போட்ட தேத்தண்ணி இல்ல" எண்டு கடைக்காரர் சொன்னா? சீனி முடிஞ்சிருக்கலாம், தேயிலை முடிஞ்சிருக்கலாம், அடுப்பே பத்த வைக்காம இருக்கலாம். இந்த மறுப்பு சொன்னதத் தள்ளுது, அதுக்குப் பதிலா எதையும் வைக்கல்ல. இந்திய இலக்கணக்காரர் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பேர் வச்சிருக்காங்க, முதலாவது பரியுதாசம், ரெண்டாவது பிரசஜ்ய மறுப்பு. நாலையும் மறுக்கிறதுக்குப் பேர்போன பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர்ட மறுப்பெல்லாம் ரெண்டாவது வகை எண்டு அவருக்கு உரை எழுதின பாவவிவேகர் 6ஆம் நூற்றாண்டில சொன்னார், 7ஆம் நூற்றாண்டில இன்னொரு உரைகாரர் சந்திரகீர்த்தியும் அப்பிடித்தான் எடுத்தார்.

இப்ப அடுப்பே பத்தவைக்காத கடையில ஒருத்தர் வந்து "இண்டைக்கு ஊத்தின தேத்தண்ணி சீனி போட்டதா, போடாததா, பாதி போட்டதா, இல்லாட்டிக் கருப்பட்டியோட குடிக்கிறதா?" எண்டு கேட்டா கடைக்காரர் நாலுக்கும் இல்ல எண்டுதான் சொல்லுவார். அவர் முரணாக் கதைக்கல்ல. நாலு விடைக்கும் அடியில ஒரே தட்டு இருக்கு, "தேத்தண்ணி ஊத்தியாச்சு" எண்டு. தட்டு விழுந்தா நாலும் சேந்து விழும்.

இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின்ட 72ஆம் சுத்தத்தில வச்சகோத்தர் எண்ட ஊர் சுத்துற துறவி புத்தரிட்ட வந்து கேக்கிறது இதுதான். மனம் விடுதலையான பிக்கு செத்தபிறகு எங்க பிறக்கிறார்? பிறக்கிறார் எண்டது பொருந்தாது எண்டுறார் புத்தர். அப்ப பிறக்கிறல்லையா? அதுவும் பொருந்தாது. ரெண்டுமா? பொருந்தாது. ரெண்டும் இல்லையா? அதுவும் பொருந்தாது. மனிசனுக்குத் தலை சுத்துது, இதுவரைக்கும் உங்கள்ல இருந்த தெளிவும் போயிற்று எண்டு வாய்விட்டே சொல்றார். அங்க வந்த சொல்ல கவனிங்க, "பொய்" எண்டு சொல்லல்ல, பாளியில "ந உபேதி", பொருந்தாது, சேராது.

புத்தர் ஒரு நெருப்பக் காட்டிக் கேக்கிறார். உனக்கு முன்னால நெருப்பு எரியுது, எரியுது எண்டு தெரியுமா? தெரியும். எத வச்சு எரியுது? புல்லையும் விறகையும் வச்சு. அணைஞ்சா அணைஞ்சது எண்டு தெரியுமா? தெரியும். அணைஞ்ச நெருப்பு எந்தப் பக்கம் போச்சு, கிழக்கா மேற்கா வடக்கா தெற்கா எண்டு ஒருத்தன் கேட்டா? பொருந்தாது ஐயா, விறகு முடிஞ்சுது, புதுசு கிடைக்கல்ல, அணைஞ்சுபோச்சு எண்டு வச்சகோத்தரே சொல்றார். எனக்கு இதில பிடிச்சது அந்த நாலு திசை. போற ஒரு சாமானுக்கு நாலு திசையும் போதும், அதுக்கு வெளியால இன்னொரு பக்கம் இல்ல. எண்டாலும் நாலும் பிழை, ஏனெண்டா நெருப்பு எங்கயும் போற சாமான் இல்ல, விறகு இருக்கிற வரைக்கும் நடக்கிற ஒரு காரியம். அதே மாதிரி "செத்தபிறகு இருக்கிறாரா" எண்ட கேள்விக்கு அடியில, உடம்பு மனசு இதுகள விட்டுத் தனிய நிக்கிற ஒரு ஆள் எண்ட தட்டு இருக்கு. புத்தர் விடைகளுக்குள்ள ஒண்டத் தெரிவு செய்யாம தட்ட எடுத்தார்.

நம்மட மணிமேகலையிலயே இது இருக்கு, ஏனோ தமிழ்ப் பாடத்தில யாரும் இத எடுத்துக் காட்டுறதில்ல. கடைசிக் காதையில அறவண அடிகள் ஒரு கேள்விக்கு விடை சொல்ற நாலு வழியச் சொல்றார், துணிஞ்சு சொல்றது, கூறிட்டுச் சொல்றது, திருப்பிக் கேக்கிறது, கடைசியா வாய் வாளாமை, அதாவது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறதுக்கு உதாரணமா வாறது ஆகாயப்பூ. ஆகாயப்பூ பழசா புதுசா எண்டு கேட்டா என்னத்தச் சொல்ல? பழசு எண்டாலும் பூ ஒண்டு இருக்கு எண்டு ஒத்துக்கொண்டதாப் போகும், புதுசு எண்டாலும் அப்பிடித்தான், பழசும் புதுசும் எண்டாலும் ரெண்டும் இல்ல எண்டாலும் அதேதான்.

ஆனா ஒரு எச்சரிக்கை சொல்லோணும். "தட்டு பிழை" எண்டு சொல்லிச் சொல்லி எந்தக் கேள்வியில இருந்தும் நழுவலாம், அந்தக் காலத்திலயும் அப்பிடி ஆக்கள் இருந்தாங்க. சஞ்சய பெலட்டிபுத்தர் எண்டு ஒருத்தர், எதக் கேட்டாலும் அப்பிடியும் சொல்லமாட்டன், இப்பிடியும் சொல்லமாட்டன், வேற மாதிரியும் சொல்லமாட்டன் எண்டு வழுக்கிக்கொண்டு போவார். பௌத்த நூல்களே இப்பிடி நழுவுறத விலாங்கு மீன் நெளியிறதுக்கு ஒப்பிட்டுக் கண்டிக்குது. வித்தியாசத்தப் பிடிக்கிறது சுகம்: உண்மையா மறுக்கிறவர் எந்தத் தட்டு விழுந்தது எண்டு விரல் வச்சுக் காட்டுவார், நெருப்பில காட்டின மாதிரி. நழுவுறவர் காட்டமாட்டார்.

இன்னொரு வாசிப்பும் இருக்கு. 1977 இல பெல்னாப் எண்ட அமெரிக்க அளவையியலாளர் கணினிக்கெண்டு நாலு பெறுமதி உள்ள தருக்கம் ஒண்டு எழுதினார். நாளைக்கு வகுப்பு இருக்கா எண்டதப் பத்தி உங்களுக்கு வந்த மெசேஜ மட்டும் எண்ணிப் பாருங்க: இருக்கு எண்டு மட்டும் வந்திருக்கலாம், இல்ல எண்டு மட்டும் வந்திருக்கலாம், ரெண்டும் வந்திருக்கலாம், ஒண்டும் வராம இருக்கலாம். கிரகம் பிரீஸ்ட் எண்ட மெய்யியலாளர் சதுஷ்கோடிய இந்த அமைப்பில போட்டு வாசிக்கிறார், நாலையும் மறுக்கிற இடத்துக்கு ஐந்தாவதா "சொல்ல ஏலாதது" எண்டு ஒண்டச் சேர்க்கிறார். கணக்கு அழகாத்தான் வருது, ஆனா பெல்னாப்ட நாலும் நம்மட கைக்கு வந்த தகவல்ட நிலை, வகுப்பின்ட நிலை இல்ல; உலகத்திலயே முரண் உண்மையா இருக்கு எண்டு பிரீஸ்ட் போற தூரத்துக்கு அந்தப் பழைய சுத்தங்கள் போகுது எண்டு நான் நம்பல்ல.

அந்த மெசேஜ் கணக்கில ஒரு நுட்பம் இருக்கு, அத விட்டுடாதீங்க. ஏன் அங்க நாலு சாத்தியமும் முரணில்லாம வருது? ஏனெண்டா உள்ளுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு, "இருக்கு எண்டு வந்ததா", "இல்ல எண்டு வந்ததா". ரெண்டு தனித்தனிக் கேள்விக்கு ஓம், இல்ல எண்டு போட்டா 2 × 2, நாலு. நாகார்ஜுனர்ட மூலமத்தியமக காரிகையின்ட முதலாவது பாட்டு சரியா இந்த அமைப்பு. எதுவும் தன்னில இருந்து தோன்றல்ல, பிறதில இருந்து தோன்றல்ல, ரெண்டிலயும் இருந்து தோன்றல்ல, காரணமில்லாமலும் தோன்றல்ல எண்டுறார். A எண்டா "தன்னில இருந்து", B எண்டா "பிறதில இருந்து". அட்டவணை போடுங்க:

```
A ∧ ¬B    தன்னில இருந்து மட்டும்
¬A ∧ B    பிறதில இருந்து மட்டும்
A ∧ B     ரெண்டிலயும் இருந்து
¬A ∧ ¬B   காரணம் இல்லாம
```

ஒரு வரியிலயும் முரண் இல்ல, நாலையும் சேத்தா வெளியால ஒண்டும் மிச்சமில்ல. இப்ப நெல்லப் போட்டுப் பாப்பம், அம்பாறைப் பக்கம் வயல் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது கண்ணால கண்ட காரியம். விதைநெல் ஊறி முளை வெள்ளையா எட்டிப் பாக்குது. அந்த முளை தன்னில இருந்தே வந்துது எண்டா முளையா அது ஏற்கனவே அங்க இருந்திருக்கோணும், இருந்தா திரும்ப என்னத்துக்குத் தோன்றோணும்? இருந்தும் தோன்றும் எண்டா நிக்காம தோன்றிக்கொண்டே இருக்கோணும். தனக்கு முழுசாப் பிறத்தியான ஒண்டில இருந்து வந்துது எண்டா, விதையும் பிறத்தி, விளக்குச் சுடரும் பிறத்தி, பிறகென்ன, சுடரில இருந்து இருட்டும் வரலாமே எண்டு சந்திரகீர்த்தி கேக்கிறார். ரெண்டிலயும் இருந்து எண்டா ரெண்டு குறையும் சேந்து வரும். காரணமே இல்ல எண்டா எதுவும் எங்கயும் எப்பவும் வரோணும், விளைச்சலுக்கெண்டு சனம் இவ்வளவு பாடுபட்டு விதை சேக்காதே எண்டும் அவர்தான் சொல்றார்.

இதில மெல்லிய இடம் ரெண்டாவதுதான், என்ட பையனும் அதத்தான் பிடிச்சான். "மிஸ், விதையும் சுடரும் ஒரே அளவு பிறத்தியா? விதை அதே வரிசையில வாறதுதானே" எண்டான். இந்த மறுப்ப சந்திரகீர்த்தி தானே எழுப்பிப் பதில் சொல்றார்: வாற்கோதுமை விதை நெல் முளைக்குப் பிறத்தி எண்டதால அது முளையப் பிறப்பிக்காது எண்டு ஒத்துக்கொள்றீங்க, நெல் விதையும் அதே மாதிரி முழுப் பிறத்தி எண்டா "ஒரே வரிசை" எண்ட உறவ எங்க இருந்து கொண்டுவாறீங்க? அதாவது விதையும் முளையும் ஒண்ட ஒண்டு சாராமத் தன்பாட்டில நிக்கிற ரெண்டு சாமான் எண்டு வச்சா உறவு வராது. உறவ ஒத்துக்கொண்டா தன்பாட்டில நிக்கிறது போயிற்று. அந்தத் தன்பாட்டில நிக்கிற இயல்புதான், ஸ்வபாவம் எண்டு சொல்றது, நாலு வரிக்கும் அடியில கிடந்த தட்டு. நாலும் விழுந்ததும் விழுந்தது அது, முளை இல்ல. தண்ணி, விதை, சூடு சேந்தா முளைக்கும் எண்டத நாகார்ஜுனர் மறுக்கவே இல்ல.

பையன் கொப்பியில நாலு வரியையும் எழுதி, அதுக்கு மேல ஐந்தாவதா ஒரு வரி சேத்தான், "S: முளைக்கு ஸ்வபாவம் உண்டு". S இருந்தா நாலில ஒண்டு வரோணும், நாலும் வராது, ஆகவே ¬S. எதிர்மறை நிறுவல், படிமுறையெல்லாம் சரியா இருந்துது. நான் முழு மார்க் போட்டன், போட்டுட்டு ரெண்டாவது வரிக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு கேள்விக்குறியும் போட்டு விட்டன், ஏனெண்டா அந்த வரியில அவன் எழுதின காரணம் சுடரும் இருட்டும் மட்டும்தான், வாற்கோதுமைய விட்டுப்போட்டான்.